கறுப்பு லெதர் ஜாக்கெட்டை மெரூனாக மாற்றினால் ஏன் ஜிகினாத்தாள் போல ஆகிறது?

சேலத்துக் கல்யாண ஆல்பங்களில் ஏற்காட்டுப் படம் ஒன்றாவது இல்லாமல் இருப்பது அபூர்வம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் ஏரி, பனிமூட்டம், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காப்பித் தோட்டம் என்று எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. குளிருக்கும் ஆச்சு, ஸ்டைலுக்கும் ஆச்சு என்று மாப்பிள்ளைகள் பளபளக்கும் கறுப்பு லெதர் ஜாக்கெட் போட்டுக்கொள்கிறார்கள். சிக்கல் ஆல்பம் புரூஃப் வீட்டுக்குப் போகும்போதுதான் தொடங்கும். "கல்யாண ஆல்பத்துல கறுப்பு எதுக்குப்பா? மெரூனா மாத்திக் குடுத்துடுங்க" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கேட்பவருக்கு அது ஒரு கிளிக் வேலை. டிசைனரும் முதலில் அப்படித்தான் செய்து பார்ப்பார். தூரத்தில் வைத்துப் பார்த்தால் மெரூன்தான். கிட்டே பார்த்தால் தோளிலும் முழங்கையிலும் ரோஸ் நிறத்தில் ஒரு மினுமினுப்பு தெரியும். நிறம் தப்பாக இல்லை, ஆனால் தோல் என்று நம்ப முடியாது. ஜிகினாத்தாளில் தைத்த சட்டை போல இருக்கும். இது ஏன் நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதை ஃபோட்டோஷாப்பில் ஒரு படத்தை வைத்துப் பார்க்கலாம்.

## ஒரே பிக்சலில் இரண்டு வெளிச்சம்

பளபளப்பான லெதரின் மேல்பரப்பில் கண்ணாடி போலத் தெளிவான ஒரு பூச்சு இருக்கும். சாயம் அந்தப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. அதனால் ஜாக்கெட்டின் மேல் விழும் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து நம் கண்ணுக்கு வருகிறது.

1. ஒரு பகுதி பூச்சைத் தாண்டி உள்ளே போய், சாயத்தில் பட்டு, நாலா பக்கமும் சிதறி வெளியே வருகிறது. ஜாக்கெட் கறுப்பா, மெரூனா, பழுப்பா என்பதை இதுதான் சொல்கிறது. இதை மேனி நிறம் என்று வைத்துக்கொள்வோம்.
2. இன்னொரு பகுதி உள்ளே போகாமல் பூச்சிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. சாயத்தை அது தொடுவதே இல்லை. வானம் வெளுத்திருந்தால் வெள்ளையாகவும், எதிரே மரம் இருந்தால் பச்சையாகவும் தெரியும். இதை மினுக்கம் என்போம்.

மினுக்கத்தின் நிறம் ஜாக்கெட்டுடையது அல்ல, ஏற்காட்டுடையது. ஜாக்கெட்டை மெரூனாக்கினாலும் வானமும் சில்வர் ஓக்கும் மெரூன் ஆகப்போவதில்லை. எனவே மினுக்கம் பழையபடியே இருக்க வேண்டும். மாற வேண்டியது மேனி நிறம் மட்டும்தான்.

இதற்கு விதிவிலக்கு உலோகம். தங்கம், செம்பு போன்றவற்றில் மினுக்கமே நிறம் ஏறித்தான் திரும்பும். தங்க வளையலில் தெரியும் ஜன்னல் மஞ்சளாக இருப்பது அதனால்தான். சிவப்பு ஜிகினாத்தாளிலும் வெளிச்சம் சிவப்புப் பூச்சைக் கடந்து போய், பின்னால் உள்ள உலோகப் படலத்தில் பட்டுத் திரும்புகிறது. அதனால் அதன் பளபளப்பும் சிவப்பு. நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் பழக்கத்தில் தெரியும். மினுக்கத்தில் நிறம் ஏறியிருந்தால் "இது உலோகத் தாள்" என்று உடனே முடிவு கட்டிவிடும். ரோஸ் மினுமினுப்பு போலியாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. நேராகப் பார்க்கும் இடத்தில் இந்தப் பூச்சு, மேலே விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தை மட்டுமே மினுக்கமாகத் திருப்பும். பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கப் பார்க்க அது ஏறும். 60 டிகிரி சாய்வில் ஏறக்குறைய 9 சதவீதம், 80 டிகிரியில் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஜாக்கெட்டின் கை உருளை வடிவம். அதன் நடுப்பகுதியை நேராகப் பார்க்கிறோம், இரு ஓரங்களையும் சாய்வாகப் பார்க்கிறோம். அதனால் கையின் நடுவில் மேனி நிறம் நன்றாகத் தெரியும். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் ஓரங்களில் சாம்பல் வெள்ளையாக ஒரு கோடு ஓடும். நிறம் மாற்றும்போது அந்தக் கோட்டையும் மெரூனாக்கிவிட்டால் கை உருண்டையாகத் தெரியாது. அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாகிவிடும்.

## கறுப்பில் தொடங்குவதன் தொல்லை

சிவப்பு ஜாக்கெட்டை நீலமாக்குவது ஒப்பீட்டளவில் சுலபம். அங்கே மேனி நிறம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதன் திசையை மாற்றினால் போதும். Hue/Saturation-இல் சிவப்பை மட்டும் தேர்ந்து Hue-வை நகர்த்தினால், நிறமற்ற மினுக்கம் பெரும்பாலும் தானாகத் தப்பித்துக்கொள்ளும்.

கறுப்பில் அப்படி இல்லை. கறுப்புச் சாயம் உள்ளே வந்த வெளிச்சத்தை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகிறது. கறுப்பு லெதர் படத்தில் நாம் பார்ப்பதில் பெரும்பங்கு மினுக்கம்தான், மேனி நிறம் என்பது அடியில் கொஞ்சூண்டு. அதனால் இங்கே செய்வது நிறத்தை மாற்றும் வேலை இல்லை. இல்லாத மேனி நிறத்தை உண்டாக்கி மினுக்கத்துக்குக் கீழே வைக்கும் வேலை. அதற்கு, எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று படத்திலிருந்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

## மூன்று பிக்சலும் இரண்டு குறுக்கு வழியும்

ஏரிக்கரையில், மேகம் மூடிய காலையில், பைக் மேல் சாய்ந்து நிற்கும் ஒருவரின் படம் என்று வைத்துக்கொள்வோம். மேகம் மூடிய வானம் ஒரு பெரிய வெள்ளைத் திரை மாதிரி வேலை செய்யும் என்பதால் மினுக்கங்கள் அகலமாகவும் ஓரம் மங்கியும் இருக்கும். உச்சி வெயிலில் எடுத்திருந்தால் சின்னச் சின்னக் கூர்மையான புள்ளிகளாக இருக்கும். ஜாக்கெட்டில் மூன்று இடங்களை Info பேனலில் அளந்தால் R, G, B இப்படி வருகிறது:

- தோளின் மேல் வானம் மினுங்கும் இடம்: 178, 186, 192. லேசான நீலம் கலந்த வெளுப்பு.
- மார்பின் சமதளம்: 38, 39, 40.
- முழங்கை மடிப்பின் உட்பள்ளம்: 14, 14, 15.

நமக்கு வேண்டிய மெரூன் 96, 16, 28 என்று கொள்வோம்.

குறுக்கு வழி 1: மேலே மெரூன் லேயர், Color மோட். இந்த மோட் கீழே உள்ள படத்தின் வெளிச்ச அளவை வைத்துக்கொண்டு, நிறத்தையும் அதன் செறிவையும் மேலே உள்ள லேயரிலிருந்து எடுக்கும். மார்பு 94, 14, 26 ஆகிறது. பிரமாதம், கேட்டது அப்படியே வந்துவிட்டது. மடிப்பும் 45, 0, 7 என்று ஓரளவு தேறிவிடும். தோளைப் பாருங்கள்: 239, 159, 171. அப்பட்டமான ரோஸ் நிறம். வானத்தையே மெரூனில் தோய்த்து எடுத்தாயிற்று. பலரும் ஏமாறுவது இங்கேதான். ஜாக்கெட்டின் பெரும்பரப்பு சரியாக இருப்பதால், மினுக்கத்தில் உள்ள கோளாறைக் கண் முதலில் பிடிப்பதில்லை. "என்னமோ இடிக்குது" என்று மட்டும் தோன்றும்.

குறுக்கு வழி 2: அதே மெரூன், Screen மோட். இது கீழே உள்ள வெளிச்சத்தின் மேல் புதிய வெளிச்சத்தைச் சேர்ப்பதற்கு நெருக்கமான கணக்கு. தோள் இப்போது 207, 190, 199 ஆகிறது. வெளுப்பில் லேசாகச் செம்மை தட்டுகிறது, அவ்வளவுதான். நிஜ மெரூன் ஜாக்கெட்டின் தோள் இப்படித்தான் இருக்கும். ஆனால் மார்பு 120, 53, 64 என்று வெளிறுகிறது, மடிப்பு 105, 29, 41 ஆகிவிடுகிறது. முதலில் மார்பின் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மடிப்பில் இருந்தது. இப்போது இரண்டுக்கும் சிவப்பில் வெறும் 15 புள்ளிதான் வித்தியாசம். பள்ளங்கள் எல்லாம் தூர்ந்து, இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆக, Color மோட் மடிப்பைக் காப்பாற்றி மினுக்கத்தைக் கெடுக்கிறது. Screen மினுக்கத்தைக் காப்பாற்றி மடிப்பைக் கெடுக்கிறது. Screen-இன் தப்பு அந்த மோடில் இல்லை. வெளிச்சம் போகாத பள்ளத்திலும் வெளிச்சம் விழும் மார்பிலும் ஒரே அளவு மெரூனைக் கொட்டியதுதான் தப்பு. பள்ளத்துக்குக் குறைவாகவும் மேட்டுக்கு அதிகமாகவும் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அந்த அளவுகோல் பழைய படத்திலேயே இருக்கிறது.

## மேனியும் மினுக்கமும் தனித்தனியாக

RAW கோப்பிலிருந்து, 16 பிட்டில் தொடங்க வேண்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது. Camera Raw-இல் கறுப்புப் பகுதிகளை அழுத்தி மூடிவிடாமல், Blacks, Shadows இரண்டையும் கொஞ்சம் தளர்த்தியே திறக்கலாம்.

1. மாஸ்க். ஜாக்கெட்டின் வெளிக்கோட்டை Pen டூலால் வரைந்து, தேர்வாக்கி, ஒரு குரூப்புக்கு மாஸ்க்காகப் போடுங்கள். ஓரத்துக்கு அரை பிக்சலிலிருந்து ஒரு பிக்சல் வரை Feather போதும். ஜிப், பொத்தான், பக்கிள், உள்துணி எல்லாவற்றையும் மாஸ்க்கிலிருந்து கழித்துவிட வேண்டும். ஜிப் பற்களில் மெரூன் ஏறியிருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வேலை வெளியே தெரிந்துவிடும். குரூப்பின் மோட் Pass Through-ஆகவே இருக்கட்டும்.

2. மேனி லேயர். படத்தின் ஒரு நகலைக் குரூப்புக்குள் போட்டு, அதன்மேல் Hue/Saturation வைத்து Saturation-ஐ -100 ஆக்கி, அந்த நகலோடு கிளிப் செய்யுங்கள். கறுப்புப் பகுதியில் noise-ஆக ஒளிந்திருக்கும் நிறப் பொரி இதோடு ஒழிந்தது.

3. மேனிக்கு Curves. முக்கியமான படி இது. வளைவின் கீழ்ப்பகுதி நேர்கோடாக ஏற வேண்டும்: 14 என்பது 40, 38 என்பது 110. இரண்டும் ஏறக்குறைய 2.9 மடங்கு. அதனால் மடிப்புக்கும் மார்புக்கும் இருந்த விகிதம் கலையாது. அதற்கு மேல் வளைவைப் படுக்க வைக்க வேண்டும்: 90 என்பது 145, வலது முனை 255-ஐக் கீழே இழுத்து 150. மினுக்கங்கள் எல்லாம் ஒரே தட்டையான சாம்பலாக மாறிவிடும். பார்க்கச் சகிக்காது, பரவாயில்லை. மேனி லேயரில் மினுக்கம் இருக்கவே கூடாது என்பதுதான் நோக்கம்.

4. நிறம். Curves-க்கு மேலே ஒரு Solid Color லேயர், மோட் Multiply, அதையும் கிளிப் செய்யுங்கள். Multiply இருட்டாக்கும் என்பதால், வேண்டிய மெரூனைவிட வெளிச்சமான நிறத்தைப் போட வேண்டும். நம் கணக்குக்கு 163, 27, 48. 150 என்ற உச்சத்தில் இது சரியாக 96, 16, 28 ஆகும். மார்பு 70, 12, 21 ஆகவும், மடிப்பு 26, 4, 8 ஆகவும் வரும்.

5. மினுக்க லேயர். மூலப் படத்தின் இன்னொரு நகலை, நிறத்தை எடுக்காமல், எல்லாவற்றுக்கும் மேலே Screen மோடில் வையுங்கள். அதோடு ஒரு Levels-ஐக் கிளிப் செய்து இடது பக்க இன்புட்டை 30-க்குக் கொண்டு வாருங்கள். 30-க்குக் கீழே உள்ள இருட்டும் பொரியும் போய், மினுக்கம் மட்டும் மிஞ்சும்.

இப்போது திரும்ப அளந்தால் தோள் 201, 182, 192, மார்பு 77, 21, 31, மடிப்பு 26, 4, 8. தோளில் வானம் வானமாகவே இருக்கிறது. மடிப்புக்கும் மார்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய பழையபடி மூன்று மடங்கு.

இந்த முறையின் அருமை வானத்தைவிட மரத்தில்தான் தெரியும். முன்கையில் சில்வர் ஓக் நிழலாடும் இடம் ஒன்று 70, 84, 66 என்று இருந்தது. Color மோடில் அது 133, 53, 65 ஆகி, பச்சை இருந்த சுவடே இல்லாமல் போனது. பிரித்துச் செய்ததில் 119, 72, 63. வெறும் மெரூனில் நீலம் பச்சையைவிட அதிகம். இங்கே பச்சை நீலத்தைத் தாண்டி நிற்கிறது. பார்ப்பவர் யாரும் "அங்கே மரம் தெரிகிறது" என்று சொல்லப்போவதில்லை. ஆனால் சிவப்புக்குள் அந்தப் பழுப்புச் சாயல் இருப்பதால்தான் ஆளும் ஜாக்கெட்டும் அந்தத் தோட்டத்தில் நிற்பதாக நம்ப முடிகிறது.

கணக்கில் கறாரானவர்களுக்கு ஒரு குறிப்பு. வெளிச்சத்தை வெளிச்சத்தோடு சேர்ப்பது என்றால் Screen முழுச்சரி இல்லை. காமா நீக்கிய நேரியல் மதிப்புகளில் கூட்டுவதுதான் சரியான கணக்கு. ஆல்பம் வேலைக்கு Screen போதும். 255-ஐத் தாண்டி வெடிக்காது என்பது அதில் கூடுதல் நிம்மதி. GIMP வைத்திருப்பவர்களுக்கும் Screen, Multiply, Curves மூன்றும் அங்கே உண்டு. லேயர் அடுக்கு இதேதான்.

நேரமே இல்லை, ஒரே படம்தான் என்றால், Color மோட் லேயரின் Blend If-இல் Underlying Layer ஸ்லைடரை Alt அழுத்திப் பிளந்து, வெளிச்சமான பகுதிகளில் நிறம் படாமல் படிப்படியாக விலக்கலாம். பாதிக் கிணறு தாண்டும். உச்ச மினுக்கம் வெளுப்பாகிவிடும், ஆனால் அதைச் சுற்றிய நடுத்தர மினுக்கத்தில் ரோஸ் வளையம் மிஞ்சும். சின்ன சைஸில் போகும் படத்துக்கு இது செல்லும், முழுப்பக்கப் படத்துக்குச் செல்லாது.

## மடிப்புக்குள் என்ன நடக்கிறது

மேலே சொன்னதை எல்லாம் செய்த பிறகும் முழங்கை, அக்குள், இடுப்புச் சுருக்கங்கள் கொஞ்சம் செத்துக் கிடப்பது போல இருக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

கறுப்பு லெதரில் மடிப்பின் பள்ளம் என்பது வெறும் இருட்டு. ஒரு சுவரில் பட்ட வெளிச்சத்தை எதிர்ச்சுவருக்கு அனுப்ப அங்கே எதுவும் மிச்சமில்லை. மெரூன் லெதரில் அப்படி இல்லை. பள்ளத்தின் ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் சிவந்து வெளியே வந்து, எதிர்ச்சுவரில் பட்டு இன்னொரு முறை சிவக்கிறது. அதனால் நிஜ மெரூன் ஜாக்கெட்டில் மடிப்பின் உட்புறம் மார்பைவிட இருட்டாக இருந்தாலும், நிறத்தில் அடர்ந்திருக்கும். சாம்பல் கலந்த கறுப்பாக இருக்காது. பள்ளத்தின் ஆக அடியில் மட்டும்தான் கறுப்பு.

இதை உண்டாக்க, மினுக்க லேயருக்குக் கீழே ஒரு Curves வைத்து, சிவப்புச் சேனலில் மட்டும் அடிப்பகுதியைச் சிறிது தூக்கலாம். 26 என்பது 34 ஆனால் போதும். அதன் மாஸ்க்கைக் கறுப்பாக்கிவிட்டு, 15 சதவீத Flow வைத்த மெல்லிய பிரஷ்ஷால் மடிப்புகளின் சரிவில் மட்டும் வெள்ளை பூசுங்கள், அடியில் வேண்டாம். முழங்கையில் ஒரு மடிப்பை 100 சதவீதத்தில் பார்த்தால் வரிசை இப்படி அமைய வேண்டும்: மேட்டின் முகட்டில் மயிரிழை அளவுக்கு வெளுத்த கோடு, அதை ஒட்டி மெரூன், சரிவில் அடர்ந்த சிவப்பு, அடியில் கறுப்பு, எதிர்ச்சரிவில் மீண்டும் அடர்ந்த சிவப்பு. முகட்டுக் கோடு மினுக்க லேயரிலிருந்து தானாக வந்துவிடும், அதைத் தொட வேண்டாம்.

முகட்டுக் கோட்டில் சிலர் செய்யும் காரியம் ஒன்று: பளபளப்பு குறைந்துவிட்டது என்று நினைத்து Dodge டூலால் தேய்ப்பது. பளபளப்பு குறையவில்லை. கறுப்புக்கு மேல் இருந்த அதே மினுக்கம் இப்போது மெரூனுக்கு மேல் இருக்கிறது, அடிநிறம் ஏறியதால் வித்தியாசம் சிறிது சுருங்கித் தெரிகிறது. நிஜத்திலும் அப்படித்தான். ஒரே பூச்சு போட்ட இரண்டு ஜாக்கெட்டை ஒரே வானத்தின் கீழ் வைத்தால் கறுப்புதான் அதிகம் பளபளப்பதாகத் தோன்றும். தேய்த்துத் தேய்த்து அதை ஈடு கட்டப் போனால் மழைக்கோட்டு ஆகிவிடும்.

தையல் நூலை என்ன செய்வது என்பது டிசைனர் முடிவு. மெரூன் ஜாக்கெட்டில் கறுப்பு நூல் இருப்பதில் தப்பொன்றும் இல்லை. நூலை மட்டும் மாஸ்க்கில் பிரித்துக் கறுப்பாகவே விட்டுவைத்தால் தையல் வரிகள் எடுப்பாகத் தெரியும். நூலும் சேர்ந்து மெரூன் ஆனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பாதி அப்படி, பாதி இப்படி என்று விட்டால்தான் கேட்பார்கள்.

## ஜாக்கெட்டுக்கு வெளியே மறந்துவிடும் இடங்கள்

ஒரு பொருளின் நிறம் மாறினால் அக்கம்பக்கமும் மாறும். நம் படத்தில் பார்க்க வேண்டியவை மூன்று.

1. பைக்கின் டேங்க். அவர் சாய்ந்து நிற்கும் டேங்க்கும் கண்ணாடி போன்ற பரப்புதான். அதில் ஜாக்கெட்டின் பிம்பம் கறுப்பாக நெளிந்து கிடக்கும். மேலே மெரூன், டேங்க்கில் கறுப்பு என்று இருந்தால் கதை கந்தல். அந்தப் பிம்பத்துக்குத் தனி மாஸ்க் போட்டு, மெரூனை Screen மோடில் லேசாகச் சேர்க்க வேண்டும். பிம்பம் மூலப்பொருளைவிட மங்கலாக இருக்கும் என்பதால் 25, 30 சதவீத Opacity-யிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். டேங்க் கறுப்பாக இருந்தால்தான் இவ்வளவு தெரியும், வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் குறைவு. கிராங்க் கேஸின் குரோம், பக்கக் கண்ணாடி, நண்பர் போட்டிருக்கும் கூலிங் கிளாஸ் இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

2. சட்டைக் காலரும் தாடையும். கறுப்பு ஜாக்கெட் பக்கத்தில் உள்ளவற்றின் மேல் நிறத்தை வீசாது. மெரூன் சிறிது வீசும். வெள்ளைச் சட்டையின் காலர் ஜாக்கெட்டைத் தொடும் இடத்திலும், தாடைக்கு அடியிலும் மெரூன் பூசிய ஒரு லேயரை Soft Light மோடில் 5 முதல் 8 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். கண்ணுக்குத் தனியாகத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம்.

3. ஜாக்கெட்டுக்குள்ளேயே ஜாக்கெட். உடம்போடு ஒட்டிய கையின் உட்புறத்தில் எதிரொளிப்பது வானம் இல்லை, ஜாக்கெட்டின் மார்புப் பகுதி. பழைய படத்தில் அது கறுப்பாக இருந்ததால் அங்கே மினுக்க லேயரில் எதுவும் இருக்காது. புதிய படத்தில் அங்கே மெல்லிய சிவப்பு மினுக்கம் இருக்க வேண்டும். மெரூன் ஏறிய மினுக்கம் சரியாக இருக்கும் ஒரே இடம் இது, ஏனென்றால் எதிரே இருக்கும் பொருளே மெரூன். மடிப்புக்குச் செய்த சிவப்பு Curves-ஐயே இங்கேயும் கொஞ்சம் பூசிவிடலாம்.

## முடிந்ததா என்று எப்படித் தெரியும்

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு Solid Color லேயரை Color மோடில் வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். இந்த நிலையில் மூலப் படத்தையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மடிப்புகளின் ஆழம், மினுக்கங்களின் வடிவம் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மேனி மட்டும் சற்று வெளிச்சமாகியிருக்கலாம். எங்காவது பள்ளம் தூர்ந்திருந்தால் நிறம் இல்லாதபோது பளிச்சென்று தெரிந்துவிடும்.

அடுத்து அந்த லேயரை அணைத்துவிட்டு ஓரங்களைப் பாருங்கள். ஜாக்கெட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நூல் ஓடினால் மாஸ்க் உள்ளே தள்ளியிருக்கிறது. பின்னணி மரங்களில் சிவப்புக் கசிந்திருந்தால் வெளியே வந்திருக்கிறது. கழுத்தோரம் முடி தொங்கும் இடத்தில் மாஸ்க்கைக் கூர்மையாக வெட்டாமல் மென்மையான பிரஷ்ஷால் விலக்கினால் போதும், கறுப்பு முடிக்குப் பின்னால் மெரூன் சிறிது மங்கியிருந்தால் யாருக்கும் உறுத்தாது.

பொரியையும் பார்க்க வேண்டும். மேனி லேயரில் இருட்டை மூன்று மடங்கு தூக்கியிருக்கிறோம், அதிலிருந்த பொரியும் மூன்று மடங்காகியிருக்கும். அந்த லேயருக்கு மட்டும் ஒரு பிக்சல் Gaussian Blur கொடுத்தால் அடங்கிவிடும். தோலின் நுண்ணிய அமைப்பு மினுக்க லேயரில் பத்திரமாக இருப்பதால் இதில் நஷ்டமில்லை. ரொம்ப வழவழப்பாகிவிட்டால் Add Noise-இல் Monochromatic வைத்து 1 சதவீதம் சேர்க்கலாம்.

கடைசியாக அச்சு. ஆல்பத் தாளில் அடர்ந்த மெரூன் திரையைவிட இருட்டாக விழும். திரையில் அழகாக இருந்த முழங்கைச் சரிவு அச்சில் மொத்தையான கறுப்பாகிவிடலாம். லேப் கொடுத்திருக்கும் புரொஃபைலை View மெனுவின் Proof Setup-இல் போட்டுப் பார்த்து, தேவையானால் மேனி லேயரின் Curves-இல் 40-ஐ 46 வரை ஏற்றலாம். தோளைத் தொட வேண்டியதில்லை.

## எந்த வேலையை ஒப்புக்கொள்ளக் கூடாது

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. 8 பிட் படத்தில் கறுப்பு ஜாக்கெட்டின் மேனி முழுவதும் முப்பது, நாற்பது படிகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதை மூன்று மடங்கு நீட்டினால் படிகள் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். JPEG இருட்டில் விவரங்களை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக ஏற்கெனவே நசுக்கியிருக்கும், அந்தக் கட்டங்களும் மெரூனில் எழும்பி வரும். RAW கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் சின்ன சைஸ் படத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

கறுப்பிலிருந்து மெரூன், பாட்டில் பச்சை, கருநீலம், காப்பிப் பழுப்பு வரை இந்த முறை தாங்கும். இவை எல்லாமே இருட்டு நிறங்கள், மேனியை இரண்டு மூன்று மடங்கு தூக்கினால் எட்டிவிடும். கிரீம் அல்லது வெள்ளை என்றால் அதைவிட எவ்வளவோ அதிகம் தூக்க வேண்டிவரும். கறுப்பில் பதிவாகாத மென்மையான நிழல்களை அங்கே நாமே வரைய வேண்டும். தோளில் பளிச்சென்றிருக்கும் வானமும் கிரீம் மேனிக்குள் கரைந்து ஏறக்குறைய காணாமல் போக வேண்டும். இருந்தால் பொய்யாகத் தெரியும், இல்லாவிட்டால் "பளபளப்பு எங்கே போச்சு" என்பார்கள். அப்படிக் கேட்டு வருகிறவர்களிடம், கிரீம் நிற ஜாக்கெட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதே மாதிரி மேகமூட்டமான ஒரு காலையில் மேலே போய் இரண்டு படம் எடுத்துக்கொள்ளச் சொல்வது அவர்களுக்கும் செலவு குறைவு, டிசைனருக்கும் தூக்கம் மிச்சம்.